சீரான காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருள்: விசை, திருப்பு விசை, காந்தத் திருப்புத்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே சுருளை வைத்துக்கொள்வோம். செவ்வக வடிவம். நிற்கும் பக்கங்கள் 10 சென்டிமீட்டர், கிடைப் பக்கங்கள் 6 சென்டிமீட்டர். 50 சுற்றுகள், 2 ஆம்பியர் மின்னோட்டம். கிடைத்திசையில் 0.3 டெஸ்லா அளவுள்ள சீரான காந்தப்புலம். சுருள், நடுவில் செல்லும் செங்குத்து அச்சைச் சுற்றித் தடையின்றித் திரும்பும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் சூத்திரங்கள் தாமாகவே வந்து சேரும்.

மொத்த விசை பூச்சியம் என்கிறார்கள். விசையே இல்லாத சுருள் எப்படித் திரும்பும்?

பூச்சியமாவது கூட்டுத்தொகைதான். ஒவ்வொரு பக்கத்தின் மீதும் விசை இருக்கத்தான் செய்கிறது.

நிற்கும் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது புலத்துக்கு எப்போதும் செங்குத்து. சுருள் எந்தக் கோணத்தில் திரும்பி நின்றாலும் இது மாறாது. ஆகவே அதன் மீதான விசை 50 × 2 × 0.3 × 0.1 = 3 நியூட்டன். எதிர்ப்பக்கத்தில் மின்னோட்டம் தலைகீழாக ஓடுவதால் அங்கும் 3 நியூட்டன், ஆனால் எதிர்த்திசையில். இரண்டையும் கூட்டினால் பூச்சியம். சுருள் இடம்பெயராது.

ஆனால் இந்த இரண்டு விசைகளும் ஒரே கோட்டில் இல்லை. ஒன்று இடது விளிம்பில் முன்னோக்கித் தள்ளுகிறது, மற்றது வலது விளிம்பில் பின்னோக்கித் தள்ளுகிறது. இத்தகைய சோடியை இரட்டை என்கிறோம். சுருளின் தளம் புலத்துக்கு இணையாக இருக்கும்போது இவ்விசைகளுக்கு இடையிலான செங்குத்துத் தொலைவு முழு 6 சென்டிமீட்டர். திருப்பு விசை 3 × 0.06 = 0.18 நியூட்டன் மீட்டர். சுருள் திரும்பத் திரும்ப விசைகள் 3 நியூட்டனாகவே இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தொலைவுதான் சுருங்குகிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றதில் பாதி புரிந்த மாதிரி. கோணம் மாறும்போது விசை குறைகிறது என்று நினைப்பவர்களே அதிகம். குறைவது விசைகளின் இடைத்தொலைவு.

அப்படியானால் மேல், கீழ்ப் பக்கங்களை ஏன் யாரும் பேசுவதே இல்லை?

அவை திருப்பு விசைக்கு எதுவும் தருவதில்லை என்பதால் பாடங்களில் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதுமே குறையாகப் பட்டிருக்கிறது, ஏனெனில் அங்கே விசை இல்லாமல் இல்லை.

சுருளின் தளத்துக்குச் செங்குத்தான கோடு புலத்தோடு 30° கோணத்தில் இருக்கிறது என்று வைப்போம். அப்போது கிடைப் பக்கம் புலத்தோடு 60° கோணத்தில் இருக்கும். அதன் மீதான விசை 50 × 2 × 0.3 × 0.06 × sin 60°, அதாவது சுமார் 1.56 நியூட்டன். மேல்பக்கத்தில் மேல்நோக்கியும் கீழ்ப்பக்கத்தில் கீழ்நோக்கியும் அது செயல்படுகிறது. இரண்டும் அச்சின் வழியாகவே செல்வதால் சுருளைத் திருப்ப அவற்றால் இயலாது. ஆனால் அவை சுருளை மேலும் கீழுமாக இழுக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், விறைப்பான சட்டத்துக்குப் பதிலாகத் துவளும் கம்பியை ஒரு கண்ணியாக்கிப் புலத்துக்குக் குறுக்கே வைத்து வலுவான மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டும். ஒரு திசையில் செலுத்தினால் எல்லாத் துண்டுகளும் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, கண்ணி வட்டமாக விரிகிறது. மின்னோட்டத்தைத் திருப்பினால் எல்லா விசைகளும் உள்நோக்கித் திரும்பி, கண்ணி கசங்கி, பிறகு புரண்டு மறுபடி விரியும். மொத்த விசை இரண்டு நேரத்திலும் பூச்சியம்தான்.

ஓரிடத்தில் sin θ என்கிறார்கள், இன்னோரிடத்தில் cos θ. எது சரி?

இரண்டும் சரி, கோணத்தை அளந்த இடம்தான் வேறு. சுற்றுகளின் எண்ணிக்கை N, மின்னோட்டம் I, பரப்பு A, புலம் B, திருப்பு விசை τ என்போம். சுருளின் தளத்துக்குச் செங்குத்தான கோட்டுக்கும் புலத்துக்கும் இடையிலான கோணம் θ என்றால்

τ = N I A B sin θ

சுருளின் தளத்துக்கும் புலத்துக்கும் இடையிலான கோணம் α என்றால் அதுவே N I A B cos α ஆகிறது. θ, α இரண்டும் சேர்ந்து 90°.

"சுருள் புலத்தோடு 30° கோணத்தில் வைக்கப்பட்டுள்ளது" என்று வினாவில் இருந்தால் பெரும்பாலும் தளத்தைத்தான் சொல்கிறார்கள். நம் சுருளுக்கு அது 0.18 × cos 30°, ஏறத்தாழ 0.156 நியூட்டன் மீட்டர். செங்குத்துக் கோட்டுக்கான 30° என்றால் 0.18 × sin 30° = 0.09. வித்தியாசம் சிறியதல்ல. ஐயம் வந்தால் ஒரு சோதனை போதும்: சுருளின் தளம் புலத்துக்கு இணையாக இருக்கும்போது நீங்கள் எழுதிய சூத்திரம் மிகப்பெரிய மதிப்பைத் தர வேண்டும். பூச்சியம் வந்தால் கோணத்தை மாற்றி எடுத்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் செவ்வகத்துக்குத்தான் நிரூபிக்கிறார்கள். வட்டத்துக்கும் கோணல்மாணலான வடிவத்துக்கும் அதே சூத்திரம் எப்படிப் பொருந்தும்?

அந்த வடிவத்தை மெல்லிய செவ்வகப் பட்டைகளாக நறுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் அதே 2 ஆம்பியர், அதே சுழல் திசையில் ஓடுகிறது என்று கற்பனை செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் பகிரும் உள் விளிம்பில் ஒன்றின் மின்னோட்டம் மேலே போகும், மற்றதன் மின்னோட்டம் கீழே வரும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது வெளி விளிம்பு மட்டும். அதுதான் உண்மையான கம்பி. ஒவ்வொரு பட்டையின் திருப்பு விசையும் அதன் பரப்புக்கு நேர்விகிதம் என்பதால், எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தப் பரப்பு வந்து நிற்கிறது. வடிவம் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது.

இதிலிருந்து ஒரு சின்ன இலாபமும் உண்டு. நம் செவ்வகத்தின் ஒரு சுற்றுக்கு 32 சென்டிமீட்டர் கம்பி செலவாகிறது. பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். அதே 32 சென்டிமீட்டரை வட்டமாக வளைத்தால் பரப்பு சுமார் 81 சதுர சென்டிமீட்டர். கம்பியைக் கூட்டாமலே திருப்பு விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஏறுகிறது.

அச்சு நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால்?

அதே திருப்பு விசைதான். இதை நம்ப மறுப்பவர்களுக்காகக் கணக்கிட்டே காட்டிவிடுவோம். கதவுபோல ஒரு நிற்கும் பக்கத்தையே அச்சாக்குங்கள். அந்தப் பக்கத்தின் 3 நியூட்டனுக்குக் கைத்தொலைவு பூச்சியம். அது எதையும் திருப்பாது. எதிர்ப்பக்கத்தின் 3 நியூட்டன் இப்போது முழு 6 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. தளம் புலத்துக்கு இணையாக உள்ளபோது விடை அதே 0.18. நடுவில் அச்சு இருந்தபோது இரண்டு பக்கங்களும் 3 சென்டிமீட்டர் வீதம் ஆளுக்குப் பாதியாகத் தந்தன, அவ்வளவுதான். கிடைப் பக்கங்களின் விசை இரு நேரத்திலும் செங்குத்து அச்சுக்கு இணையாகவே இருப்பதால் அவை குறுக்கிடுவதில்லை.

மொத்த விசை பூச்சியமாக இருக்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். மாறுவது ஒன்று உண்டு: ஓரத்து அச்சில் சுருளின் எடை ஒரு பக்கமாகத் தொங்கும்; தாங்கிகளின் மீதான பாரம் கூடும். அது காந்தவியலின் குற்றமல்ல.

காந்தத் திருப்புத்திறன் என்று தனியாக ஒரு பெயர் ஏன்? N I A என்று எழுதினால் போதாதா?

எண்ணுக்கு அது போதும். ஆனால் திசையும் வேண்டுமே. வலக்கை விரல்களை மின்னோட்டத்தின் சுழல் திசையில் மடக்கினால் கட்டைவிரல் காட்டும் திசை காந்தத் திருப்புத்திறனின் திசை. நம் சுருளுக்கு அதன் அளவு 50 × 2 × 0.006 = 0.6 ஆம்பியர் சதுர மீட்டர். இந்த வெக்டரை m என்று குறித்தால்

τ = m × B

என்ற வெக்டர் பெருக்கல் ஒன்றிலேயே அளவும் திசையும் அடங்கிவிடுகின்றன. திருப்பு விசை எப்போதும் m-ஐப் புலத்தின் திசைக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

பெயர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திசைகாட்டி ஊசியில் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் புலத்தில் அது நடந்துகொள்ளும் விதம் இந்தச் சுருளைப் போலவேதான். சுருள், ஊசி, எலக்ட்ரான் என எதை வைத்தாலும் சீரான புலம் உணரும் ஒரே குணம் m. உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

சுருளை மடக்கிவிட்டால் பரப்பை எப்படி எடுப்பது?

துண்டு துண்டாக எடுத்து வெக்டராகக் கூட்ட வேண்டும். நம் சுருளை நடு அச்சில் புத்தகத்தைப் போல 90° மடக்குவதாக வைப்போம். மடிப்புக் கோட்டில் மேலே போகும் ஒரு மின்னோட்டத்தையும் கீழே வரும் ஒரு மின்னோட்டத்தையும் கற்பனையாகச் சேருங்கள். மொத்தத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் இப்போது தனித்தனியே மூடிய இரண்டு செவ்வகங்கள் கிடைத்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 0.3 அளவுள்ள m, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. கூட்டுத்தொகை 0.6 அல்ல, சுமார் 0.42.

ஒரு பாதியை முழுதாக முறுக்கி எட்டு என்ற எண்ணின் வடிவாக்கினால் இரண்டு m-களும் எதிரெதிராகி m பூச்சியமாகிவிடும். கம்பியின் ஒவ்வொரு துண்டின் மீதும் விசை இருக்கும். ஆனால் சீரான புலம் எந்தத் திசையில் இருந்தாலும் அதைத் திருப்ப முடியாது.

சுருள் கடைசியில் எந்த நிலையில் போய் நிற்கும்?

m புலத்தின் திசையிலேயே இருக்கும் நிலையில், அதாவது சுருளின் தளம் புலத்துக்குக் குறுக்காக நிற்கும்போது. திருப்பு விசை பூச்சியமாகும் நிலைகள் இரண்டு: θ = 0, θ = 180°. முதலாவது உறுதிச் சமநிலை. இரண்டாவதில் சுருளை வைப்பதும் கூர்முனையில் பென்சிலை நிறுத்துவதும் ஒன்று. 5° விலகினாலே 0.18 × sin 5°, சுமார் 0.016 நியூட்டன் மீட்டர், அதை மேலும் விலக்கித் தள்ளும்.

நிலையாற்றலை U = −m B cos θ என்று எழுதுகிறோம். நம் சுருளுக்கு θ = 0-வில் அது −0.18 ஜூல், 180°-இல் +0.18 ஜூல். ஆகவே மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு சுருளைத் தலைகீழாகப் புரட்டக் கையால் 0.36 ஜூல் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் "போய் நிற்கும்" என்பது உராய்வின் தயவில் நடப்பது. உராய்வே இல்லையென்றால் அது அலைந்துகொண்டேயிருக்கும். சிறிய அலைவுக்கு அலைவுநேரம் T = 2π √(J / mB); இதில் J சுருளின் நிலைமத் திருப்புத்திறன். 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள தாமிரக் கம்பியில் சுற்றியிருந்தால் 16 மீட்டர் கம்பி சுமார் 28 கிராம் இருக்கும்; சட்டத்தின் எடையை விட்டுவிட்டால் J ஏறத்தாழ 0.000019 கிலோகிராம் சதுர மீட்டர். மின்னோட்டம் மாறாமல் இருக்குமானால் T சுமார் 0.065 நொடி. நொடிக்குப் பதினைந்து முறை நடுங்கும் சுருளைக் கண்ணால் எண்ண முடியாது, மங்கலாகத்தான் தெரியும்.

காந்த விசை வேலையே செய்யாது என்று படித்திருக்கிறோம். பிறகு சுருளைத் திருப்பும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பேட்டரியிலிருந்து. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

கம்பியில் ஓடும் மின்னூட்டத்துக்கு இரண்டு திசைவேகங்கள் உண்டு: கம்பியின் வழியே ஓடும் வேகம், சுருள் திரும்புவதால் கம்பியோடு சேர்ந்து போகும் வேகம். காந்த விசை இவ்விரண்டின் கூட்டுக்குச் செங்குத்து. ஆகவே அது செய்யும் மொத்த வேலை பூச்சியம். ஆனால் அந்த விசையை இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கூறு கம்பியைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்புகிறது. மற்றக் கூறு மின்னூட்டத்தைக் கம்பியின் வழியே பின்னுக்குத் தள்ளுகிறது. இந்த இரண்டாவது கூறுதான் நாம் எதிர் மின்னியக்கு விசை என்று வேறு பாடத்தில் படிப்பது. ஒன்று செய்யும் வேலையை மற்றது சரியாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பின்னுக்குத் தள்ளப்படும் மின்னோட்டத்தை 2 ஆம்பியரிலேயே வைத்திருக்கப் பேட்டரி கூடுதலாக உழைக்க வேண்டும்.

எண்ணில் சரிபார்க்கலாம். தளம் புலத்துக்கு இணையான நிலையிலிருந்து சுருள் 90° திரும்பி உறுதிச் சமநிலைக்கு வரும்போது நிலையாற்றல் பூச்சியத்திலிருந்து −0.18-க்கு இறங்குகிறது, கிடைக்கும் இயந்திர வேலை 0.18 ஜூல். அதே நேரத்தில் சுருளின் காந்தப்பாயத் தொடர்பு பூச்சியத்திலிருந்து 50 × 0.3 × 0.006 = 0.09 வெபராக ஏறுகிறது. எதிர் மின்னியக்கு விசையை எதிர்த்துப் பேட்டரி தர வேண்டிய ஆற்றல் 2 × 0.09 = 0.18 ஜூல். சுருள் வேகமாகத் திரும்பினாலும் மெதுவாகத் திரும்பினாலும் இந்தக் கணக்கு மாறாது. கம்பி சூடாவதற்கான செலவு இதற்கு வெளியே தனி.

புலம் சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எதிரெதிர்ப் பக்கங்களின் விசைகள் சமமாகாது; சுருள் திரும்புவதோடு நகரவும் செய்யும். m புலத்தின் திசையில் நிற்கும் நம் சுருளை, அதன் அச்சின் வழியே சென்டிமீட்டருக்கு 0.01 டெஸ்லா வீதம் வலுவாகும் புலத்தில் வைத்தால் 0.6 × 1 = 0.6 நியூட்டன் விசை அதை வலுவான பக்கத்துக்கு இழுக்கும். m எதிர்த்திசையில் இருந்தால் அதே அளவில் விலக்கும்.

காந்தத் துண்டு ஆணியை இழுப்பது இந்தச் சீரின்மையால்தான். புவியின் காந்தப்புலமோ ஓர் ஊசியின் நீளத்துக்குள் மாறுவது மிக மிகச் சொற்பம். 1581-இல் ராபர்ட் நார்மன் என்ற இங்கிலாந்துக்காரர் காந்த ஊசியைத் தக்கையில் செருகி நீரில் மிதக்கவிட்டு, அது திரும்புகிறதே தவிர எந்தப் பக்கமும் இழுபடுவதில்லை என்று காட்டினார். மின்னோட்டத்தைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே "மொத்த விசை பூச்சியம், திருப்பு விசை பூச்சியமல்ல" என்பது இப்படி மேசைமேல் வந்துவிட்டது.

மின்னோட்டத்தைச் சரியாக அமைத்தால் எந்தத் திசையிலும் திருப்பு விசை பெறலாமா?

முடியாது. m × B எப்போதும் B-க்குச் செங்குத்து. ஆகவே புலத்தின் திசையையே அச்சாகக் கொண்டு எதையும் திருப்ப எந்தச் சுருளாலும் ஆகாது, எத்தனை ஆம்பியர் செலுத்தினாலும் சரி.

இது சிறு செயற்கைக்கோள்களில் மெய்யான தலைவலி. அவற்றில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று சுருள்களை வைத்து, புவியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு திசை திரும்புகிறார்கள். m-ஐ எந்தத் திசையிலும் அமைக்கலாம். ஆனால் ஒரு கணத்தில் இரண்டு அச்சுகளில் மட்டுமே திருப்பு விசை கிடைக்கும். சுற்றுப்பாதையில் போகப்போகப் புலத்தின் திசை மாறுவதுதான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. கிடைக்கும் அளவும் மிகச் சிறியது: 0.00004 டெஸ்லா புலத்தில் நம் 0.6 சுருள் அதிகபட்சம் 0.000024 நியூட்டன் மீட்டரைத்தான் தரும். உராய்வில்லாத வெளியில் அது போதுமானது.

கால்வனோமீட்டரில் அளவுகோல் சமக்கோடுகளாக இருக்கிறதே, sin θ எங்கே போனது?

அதை வேண்டுமென்றே அகற்றியிருக்கிறார்கள். காந்தத்தின் முனைகளை உட்குழிவாகக் கடைந்து, நடுவில் தேனிரும்பு உருளையை வைத்தால், இடைவெளியில் புலம் ஆரத்திசையில் அமைகிறது. சுருள் எப்படித் திரும்பினாலும் அதன் தளம் அங்குள்ள புலத்துக்கு இணையாகவே இருக்கும். Sin θ எப்போதும் 1. φ கோணம் முறுக்கிய கம்பிவில்லின் எதிர்ப்பு kφ என்றால், k அந்த வில்லுக்குரிய மாறிலி, N I A B = kφ; முள்ளின் விலக்கம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். இங்கே புலம் சீரானதல்ல என்பதைக் கவனியுங்கள்.

கணக்கிட்டது 0.18, ஆனால் அளந்தால் குறைவாக வருகிறது. எங்கே பிழை?

முதலில் பரப்பைப் பாருங்கள். 60 சதுர சென்டிமீட்டர் என்பது 0.006 சதுர மீட்டர். நூறால் வகுத்து 0.6 என்று எழுதினால் விடை நூறு மடங்காக வீங்கும். இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் விசை வழியாக ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கிறேன்: 3 நியூட்டன், 6 சென்டிமீட்டர். இரண்டு வழியும் ஒத்துவராவிட்டால் பரப்பில்தான் பிழை.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தும் அளவு குறைந்தால் சுருளைத் தொட்டுப் பாருங்கள். அந்த 16 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 1.4 ஓம், 2 ஆம்பியரில் 5.6 வாட் வெப்பம் அந்தச் சிறு சட்டத்துக்குள் சேர்கிறது. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 50 பாகை சூடேறினால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடி, மின்னழுத்தம் மாறாத மூலத்தில் மின்னோட்டம் 1.7 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். திருப்பு விசையும் அதே விகிதத்தில் 0.15-க்கு வந்துவிடும். நான் ஒருமுறை அரை நாள் கோணமானியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அம்மீட்டரைச் சுற்றில் விட்டுவைத்து, திருப்பு விசையை அளக்கும் அதே கணத்தில் அதையும் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மின்னோட்டமும் சரியாக இருந்தால் புலத்தைச் சந்தேகிக்கலாம். இரண்டு தட்டைக் காந்தங்களுக்கு நடுவே அளந்த 0.3 டெஸ்லா ஓரத்தில் இருக்காது. விசையைத் தருபவை நிற்கும் பக்கங்கள். அவை இருப்பது சுருளின் ஓரத்தில். நடுவில் அல்ல, அந்தப் பக்கங்கள் நிற்கும் இடத்தில் உணரியை வைத்து அளக்க வேண்டும்.